ஒரு மணி நேர மின்சாரத்தில் எத்தனை சதவீதம்?

2022 மார்ச் 2ஆம் திகதி இலங்கையில் நாளாந்த மின்வெட்டு ஏழரை மணி நேரமானது. மார்ச் 30ஆம் திகதி அது 10 மணி நேரம். மறுநாள் 31ஆம் திகதி 13 மணி நேரம். அன்று கொழும்பு முகத்துவாரத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய மின்சாரம் 24 மணியில் 11 மணி நேரம் மட்டுமே. அதுவும் ஒரே நீட்டில் வரவில்லை. பகலிலும் இரவிலுமாகத் துண்டு துண்டாக வந்தது. விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறவருக்கும், காலையில் புறக்கோட்டைக் கடையில் வேலைக்கு நிற்கிறவருக்கும், அந்த 11 மணியில் வீட்டில் இருந்து போனுக்கு சார்ஜ் போடக் கிடைத்தது ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு மூன்று யோசனைகள் வாய்வழியாகப் பரவின. "ஃபிளைட் மோட்ல போட்டு சார்ஜ் பண்ணுங்க" என்பது முதலாவது. "ஓஃப் பண்ணிட்டுப் போடுங்க, ரெண்டு மடங்கு வேகமா ஏறும்" என்பது இரண்டாவது. திரை வெளிச்சத்தைக் குறைப்பது மூன்றாவது. மூன்றிலும் ஓர் உண்மை உண்டு: போன் செலவழிக்காத மின்சாரம் பற்றரிக்குப் போகும். அந்த அளவு எவ்வளவு என்பதைப் பெருக்கலும் வகுத்தலும் மட்டும் தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பற்றரியின் கொள்ளளவு. இன்று பரவலாக விற்கும் போன்களில் 5,000 மில்லிஆம்பியர் மணி என்று எழுதியிருக்கும். லித்தியம் பற்றரியின் சராசரி அழுத்தம் 3.85 வோல்ட். 5 ஆம்பியர் மணியை 3.85ஆல் பெருக்கினால் 19.25 வாட் மணி. எனவே திரையில் தெரியும் ஒரு சதவீதம் என்பது 0.19 வாட் மணி. சுவரிலிருந்து பற்றரி வரை ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஒருமுறை முழுதாக சார்ஜ் ஏற்ற 25 வாட் மணி அளவு வேண்டும். மின்சார சபையின் ஓர் அலகு 1,000 வாட் மணி. ஆகவே ஓர் அலகில் 40 முறை சார்ஜ் ஏற்றலாம். 2023 பெப்ரவரி 16ஆம் திகதி மின்கட்டணம் சராசரியாக 66 சதவீதம் உயர்ந்தது. மிகக் குறைவாகப் பாவிக்கும் வீடுகளுக்கு முதல் 30 அலகுகளின் விலை அலகு ஒன்றுக்கு 8 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. அப்போதும் ஒரு முழு சார்ஜின் விலை 75 சதம். எனவே இந்தக் கணக்கில் பணம் ஒரு பொருட்டல்ல, நேரம்தான் பொருட்டு.

அடுத்தது சார்ஜர். அதன் முதுகில் மிகச் சிறிய எழுத்தில் வெளியீட்டு அளவு அச்சாகியிருக்கும். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 5 வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். மடிக்கணினியின் பழைய யூ.எஸ்.பி. துவாரம் தரமுறைப்படி 5 வோல்டில் 0.5 ஆம்பியர் தரும், அதாவது 2.5 வாட். இவற்றில் ஏறத்தாழ 10 சதவீதம் போனுக்குள் அழுத்தத்தை மாற்றும்போது வெப்பமாகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி முறையே 4.5, 9, 16.2, 2.25 வாட். போன் தன் தேவைக்கு எடுப்பது இந்த மீதியிலிருந்துதான். அதற்குப் பிறகு எஞ்சுவதே பற்றரிக்குச் சேர்கிறது.

போன் தன் தேவைக்கு எவ்வளவு எடுக்கிறது? இதை அளக்கக் கருவி தேவையில்லை. இரவில் படுக்கும்போது சதவீதத்தைக் குறித்துவைத்து, காலையில் மறுபடி பார்த்தால் போதும். திரை அணைந்து, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு மணிக்கு 1 சதவீதம் குறைகிறது என்றால் அந்தப் போன் 0.19 வாட் எடுக்கிறது. ஃபிளைட் மோடில் அதே போன் மூன்று மணி நேரத்துக்கு 1 சதவீதம் குறைகிறது என்றால் எடுப்பது 0.06 வாட். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 0.13 வாட். போனுக்குப் போன் இது மாறும். ஆனால் நல்ல சிக்னலில், திரை அணைந்த நிலையில், இந்தப் பருமன்தான்.

ஃபிளைட் மோட் ஒரு மணி நேரத்தில் மிச்சப்படுத்துவது 0.13 வாட் மணி. அது பற்றரியின் 0.7 சதவீதம். 5 வாட் சார்ஜரானாலும் 18 வாட் சார்ஜரானாலும் இந்த 0.7 மாறாது, ஏனென்றால் ரேடியோ எடுக்கும் மின்சாரத்துக்கு சார்ஜரின் அளவு தெரியாது. மாறுவது, போன் எத்தனை மணி நேரம் சார்ஜில் கிடக்கிறது என்பது மட்டுமே. மெதுவான சார்ஜரில் அதிக மணி நேரம் கிடக்கும், எனவே மிச்சமும் கூடும். வேகமான சார்ஜரில் மிச்சம் சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

20 சதவீதத்தில் உள்ள போனை 80க்கு ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். தேவை 60 சதவீதம், அதாவது 11.55 வாட் மணி. 5 வாட் சார்ஜரில், சாதாரண நிலையில், பற்றரிக்குச் சேர்வது 4.5இலிருந்து 0.19 கழித்து 4.31 வாட். 11.55ஐ 4.31ஆல் வகுத்தால் 2 மணி 41 நிமிடம். ஃபிளைட் மோடில் 4.44 வாட் சேரும், எடுக்கும் நேரம் 2 மணி 36 நிமிடம். அணைத்துவிட்டால் 4.5 வாட், 2 மணி 34 நிமிடம். ஆதாயம் முறையே 5 நிமிடமும் 7 நிமிடமும். சதவீதத்தில் சொன்னால் 3உம் 4உம். "ரெண்டு மடங்கு" என்பது 100 சதவீதம்.

மடிக்கணினியின் 2.5 வாட் துவாரத்தில் இதே வேலைக்கு 5 மணி 36 நிமிடம் ஆகும். ஃபிளைட் மோடில் 20 நிமிடமும், அணைத்தால் 28 நிமிடமும் குறையும். மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினியின் பற்றரியிலிருந்து போனை ஏற்றியவர்களுக்கு இந்த யோசனை உண்மையிலேயே உதவியிருக்கும். 18 வாட் சார்ஜரில் நிலைமை வேறு. அது முழு வேகத்திலேயே ஓடினாலும் மொத்த நேரம் 43 நிமிடம்தான், ஃபிளைட் மோட் தரும் ஆதாயம் 21 வினாடி, அணைத்தால் 30 வினாடி.

இந்த யோசனை பொய்யாகப் பிறந்ததல்ல. 2010ஆம் ஆண்டு ஆரோன் கரோல், கெர்னோட் ஹைசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவில் ஒரு ஸ்மார்ட்போனைத் திறந்து, உறுப்பு உறுப்பாக மின்செலவை அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஓப்பன்மோக்கோ ஃபிரீரன்னர். அதன் பற்றரி 1,200 மில்லிஆம்பியர் மணி, ஏறத்தாழ 4.4 வாட் மணி. உறங்கும் நிலையில் அது எடுத்தது 0.07 வாட். விழித்திருந்து எதுவும் செய்யாத நிலையில், திரை வெளிச்சத்தைச் சேர்க்காமல், 0.27 வாட். அழைப்பில் இருக்கும்போது 1.05 வாட். அந்தக் காலத்துப் போன்கள் பலவும் 2.5 வாட் துவாரத்தில் சார்ஜ் ஏறின. 2.5இல் 0.27 என்பது 11 சதவீதம், 1.05 என்பது 42 சதவீதம். அப்போது போனைச் சும்மா விடு என்பது நியாயமான புத்திமதி. அதற்குப் பின் சார்ஜர்கள் 2.5 வாட்டிலிருந்து 18, 33, 67 வாட் என்று ஏறிவிட்டன. சும்மா கிடக்கும் போன் எடுக்கும் மின்சாரம் அதே பருமனில் நிற்கிறது. 18 வாட்டில் 0.19 என்பது 1 சதவீதம், 33 வாட்டில் அரை சதவீதத்துக்கும் சற்று மேல். தொகுதி எண் அப்படியே நிற்க, பகுதி எண் ஏழு மடங்கும் பதின்மூன்று மடங்கும் வளர்ந்துவிட்டது.

அணைத்துவிடுவது ஃபிளைட் மோடை விடக் கொஞ்சம் மேல் என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் கொஞ்சம் ஒரு மணிக்கு 0.06 வாட் மணி. ஆனால் அணைத்த போனைத் திரும்ப இயக்க வேண்டும். தொடங்கும்போது செயலியும் திரையும் முழு வேகத்தில் ஓடும். அந்த ஒரு நிமிடத்துக்கு 3 வாட் என்று வைத்தால் செலவு 0.05 வாட் மணி. ஒரு மணி நேரம் அணைத்து வைத்துச் சேர்த்த 0.06இல் 0.05 திரும்ப இயக்கும்போதே போய்விடுகிறது. அதற்குப் பிறகு, விட்டுப்போன வாட்ஸ்அப் செய்திகளையும் படங்களையும் போன் ஒரே மூச்சில் இறக்கத் தொடங்கும். மின்சாரம் ஒரு மணி நேரமே வரும் நாளில் போனை அணைத்து வைப்பதற்கு, ஃபிளைட் மோடுடன் ஒப்பிட்டால், எண்ணிக்கையில் ஆதரவு இல்லை.

திரைதான் பெரிய செலவாளி. முழு சார்ஜில் 8 மணி நேரம் திரையைப் பார்க்க முடிகிற போன் என்றால், 19.25ஐ 8ஆல் வகுக்க, சராசரி 2.4 வாட். இதில் திரை, செயலி, நெட்வேர்க் எல்லாம் அடக்கம். 5 வாட் சார்ஜரில் போட்டுக்கொண்டே வீடியோ பார்த்தால் பற்றரிக்குச் சேர்வது 4.5இல் 2.4 போக 2.1 வாட். 20இலிருந்து 80க்கு ஐந்தரை மணி நேரம். திரையை அணைத்துவைத்த போனுக்கு ஆன 2 மணி 41 நிமிடத்தோடு ஒப்பிட்டால் இரு மடங்கு. பரவிவந்த "ரெண்டு மடங்கு" ஒருவேளை இங்கிருந்து வந்திருக்கலாம். போனை ஓஃப் பண்ணியவர் அதோடு திரையையும் அணைத்தார், பார்ப்பதையும் நிறுத்தினார். வேகம் வந்தது அதனால்.

மடிக்கணினித் துவாரத்தில் இது இன்னும் கடுமை. 2.25 வாட் வருகிறது, 2.4 வாட் போகிறது. சார்ஜ் ஏறுகிறது என்ற மின்னல் அடையாளம் மேலே தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஒரு மணிக்குப் பின் பார்த்தால் சதவீதம் ஒன்று குறைந்திருக்கும். சார்ஜ் போட்டும் இறங்குகிறது என்று பற்றரியைக் குறை சொல்லுமுன் இந்த ஒரு கழித்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தைக் குறைத்தால்? 2010 அளவீட்டில் பின்வெளிச்சம் மிகக் குறைவில் 0.008 வாட், மிக அதிகத்தில் 0.41 வாட். அது உள்ளங்கைக்குள் அடங்கும் 2.8 அங்குலத் திரை. இன்றைய 6.5 அங்குலத் திரையில் முழு வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் இடையே 0.7 வாட் என்று கொள்வோம். 5 வாட் சார்ஜரில் பற்றரிக்குச் சேர்வது 2.1இலிருந்து 2.8 ஆகும். ஐந்தரை மணி, 4 மணி 8 நிமிடமாகக் குறையும். இது பெரிய ஆதாயம், ஃபிளைட் மோட் தந்த 5 நிமிடத்தைப் போலப் பதினாறு மடங்கு. ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே ஏற்றுகிறவருக்கு மட்டும். திரை அணைந்து மேசையில் கிடக்கும் போனின் வெளிச்ச அளவைக் குறைப்பதால் கிடைப்பது பூச்சியம்.

இதுவரை சொன்னது சிக்னல் நன்றாக உள்ள நேரத்துக்கு. 2022 மார்ச் இறுதியில் அப்படி இருக்கவில்லை. 10, 13 மணி நேர வெட்டுகளில் தொலைபேசிக் கோபுரங்களின் காப்புப் பற்றரிகள் தாக்குப்பிடிக்காமல், அழைப்புகளின் தரம் குறைந்ததாக அந்நாட்களில் செய்திகள் வந்தன. அருகிலுள்ள கோபுரம் ஓய்ந்தால் போன் தொலைவில் உள்ள கோபுரத்தை எட்ட முயலும். நான்காம் தலைமுறை நெட்வேர்க்கில் போனின் உச்ச ஒலிபரப்பு வலு 0.2 வாட். அதை வெளியே அனுப்ப உள்ளே அதைப்போலப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். அதோடு கோபுரம் தேடும் வேலை ஓயாது. அப்படிப்பட்ட நேரத்தில் சும்மா கிடக்கும் போன் ஒரு மணிக்கு 4 சதவீதம் இழந்தால் அது 0.77 வாட்.

இப்போது 5 வாட் சார்ஜரில் கணக்கு மாறுகிறது. 4.5இல் 0.77 போக 3.73 வாட். 60 சதவீதம் ஏற 3 மணி 6 நிமிடம். ஃபிளைட் மோடில் முன்போலவே 2 மணி 36 நிமிடம். ஆதாயம் 30 நிமிடம். ஒரு மணி நேரத்தில் பார்த்தால், 19.4 சதவீதத்துக்குப் பதில் 23.1 சதவீதம் ஏறும். 3.7 புள்ளி என்பது மோசமான சிக்னலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக் காத்திருப்புக்குச் சமம். ஃபிளைட் மோட் என்ற யோசனைக்கு உண்மையான மதிப்பு கிடைக்கும் இடம் இதுதான்: மெதுவான சார்ஜர், நலிந்த சிக்னல், இரண்டும் சேர்ந்த இடம். ஆனால் கோபுரம் ஓய்ந்த நாளில்தான் வீட்டுக்கு அழைப்பு வர வேண்டிய தேவையும் அதிகம். கடலுக்குப் போனவர், மருத்துவமனையில் இருப்பவர், வெளிநாட்டிலிருந்து எடுப்பவர் எவருக்கும் அந்த ஒரு மணி நேரம் போன் கிடைக்காது. 3.7 புள்ளிக்கு அந்த விலை தகுமா என்பதை வீட்டுக்கு வீடுதான் தீர்மானிக்க முடியும்.

பேசப்படாத செலவு ஒன்று இருக்கிறது: வயர். மலிவான வயர்களில் உள்ளே ஓடும் செப்புக் கம்பி 28 என்ற பருமன் எண்ணில் இருப்பது சாதாரணம். அதன் தடை மீட்டருக்கு 0.213 ஓம். போகவும் வரவும் இரண்டு கம்பி என்பதால் ஒரு மீட்டர் வயருக்கு 0.43 ஓம். 2 ஆம்பியர் ஓடும்போது அதில் 0.85 வோல்ட் விழும். 5 வோல்டாகக் கிளம்பியது போனை அடையும்போது 4.15. இழப்பு 1.7 வாட், 10 வாட் சார்ஜரின் 17 சதவீதம். ஃபிளைட் மோட் மிச்சப்படுத்திய 0.13 வாட்டைப் போல 13 மடங்கு. பல போன்கள் அழுத்தம் இப்படி விழுவதைக் கண்டதும் தாமாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், எனவே 10 வாட் சார்ஜர் 5, 6 வாட் சார்ஜர்போல நடக்கும். 24 எண் கம்பியில் அதே நீளத்துக்கு இழப்பு 0.67 வாட் மட்டும். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். நல்ல வயர்களின் உறையிலேயே இந்த எண் அச்சாகியிருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வயர் வாங்கும்போது நிறத்தையும் நெய்த உறையையும் பார்க்குமுன் அந்த எண்ணையும் நீளத்தையும் பார்க்க வேண்டும். 2 மீட்டர் வயர் என்றால் இழப்பும் இரட்டிப்பு.

வேகமான சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் கணக்கு முற்றிலும் வேறு. லித்தியம் பற்றரிக்கு முதலில் நிலையான மின்னோட்டம் தரப்படும். அழுத்தம் அதன் எல்லையைத் தொட்டதும், அந்த அழுத்தம் அப்படியே பிடித்துவைக்கப்படும், மின்னோட்டம் சிறிது சிறிதாகக் குறையும். 5,000 மில்லிஆம்பியர் மணிப் பற்றரியில், மின்னோட்டம் 250 மில்லிஆம்பியர் அளவுக்கு இறங்கும்போது நிறைந்தது என்று கொள்வது வழக்கம். இந்தக் கடைசிக் கட்டத்தில் சார்ஜரிடம் கொடுக்க நிறைய இருக்கிறது, வாங்கும் நிலையில் இல்லாதது பற்றரிதான். போனின் தேவைக்கு வேண்டியதைச் சார்ஜர் தனியாகவே தந்துவிடும். எனவே ஃபிளைட் மோட், அணைத்தல், மங்கல் எதுவானாலும் 80இலிருந்து 100க்கான நேரத்தில் மாற்றம் ஏறத்தாழ இல்லை.

ஒரு மணி நேர மின்சாரமும் ஒரே ஒரு 18 வாட் சார்ஜரும் 20 சதவீதத்தில் இரண்டு போன்களும் உள்ள வீட்டுக்கு இதிலிருந்து ஒரு பயன் உண்டு. ஒரு போனையே முழு மணி நேரமும் போட்டால் முதல் 43 நிமிடத்தில் 60 புள்ளி ஏறும். மீதி 17 நிமிடத்தில் வேகம் பாதியாக விழுந்தால் மேலும் 12 புள்ளி. மொத்தம் 72. ஆளுக்கு 30 நிமிடம் என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 41.6 புள்ளி, மொத்தம் 83. இரண்டு போனும் 60 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். வயரை ஒருமுறை மாற்றிக் குத்தியதால் வீட்டுக்குக் கிடைத்தது 11 புள்ளி. அதே ஒரு மணி நேரம் ஃபிளைட் மோட் தந்திருக்கக்கூடியது 0.7 புள்ளி.

வெப்பமும் ஓர் எண்ணாகவே வருகிறது. பற்றரி 45 பாகை செல்சியஸைத் தாண்டினால் சார்ஜ் வேகத்தைக் குறைப்பதும், 60இல் முழுவதுமாக நிறுத்துவதும் உற்பத்தித் துறையில் ஏற்கப்பட்ட பாதுகாப்பு வரம்பு. பல போன்கள் 40ஐத் தொடுமுன்னரே குறைக்கத் தொடங்கிவிடும். கொழும்பில் ஏப்ரல் நண்பகலில் அறைக்கு வெளியே 31, 32 பாகை இருக்கும். மின்விசிறியும் ஓடாத தொடர்மாடி அறையில் அதைவிடக் கூடும். ரப்பர் உறையோடு தலையணை மேல் கிடத்தி, திரையையும் எரியவிட்டால், மீதமுள்ள 10 பாகை இடைவெளி சீக்கிரம் தீர்ந்துவிடும். 18 வாட் ஏற்றம் பாதியாக விழுந்தால் 43 நிமிட வேலை 88 நிமிடமாகும். உறையைக் கழற்றித் தரையோட்டில் வைப்பது காப்பாற்றக்கூடியது இந்த 45 நிமிடத்தை. ஃபிளைட் மோடின் 21 வினாடி இதற்குப் பக்கத்தில் நிற்காது. கையால் தொட்டாலே தெரியும்: பிடித்துக்கொண்டிருக்கச் சங்கடமாக இருக்கும் சூட்டில் போன் முழு வேகத்தில் ஏறிக்கொண்டிருக்காது.

இவற்றை வீட்டிலேயே சரிபார்க்க விரும்புகிறவர் ஓர் எல்லையை அறிந்திருக்க வேண்டும். திரை காட்டும் மிகச் சிறிய அளவு ஒரு சதவீதம். 18 வாட்டில் ஒரு சதவீதம் ஏற 43 வினாடி. ஃபிளைட் மோடின் மொத்த ஆதாயமே 21 வினாடி என்பதால், அது அந்த ஒரு சதவீதத்துக்குள்ளேயே மறைந்துவிடும். அந்த சார்ஜரில் வித்தியாசத்தைக் கண்ணால் கண்டேன் என்பவர் கண்டது வெப்பத்தையோ, திரை அணைந்ததையோ ஆக இருக்கலாம். 5 வாட்டில் ஒரு சதவீதம் ஏற 2 நிமிடம் 41 வினாடி, ஆதாயம் 5 நிமிடம், எனவே இரண்டு புள்ளி வித்தியாசம் தெரியலாம். ஒரே போன், ஒரே வயர், ஒரே சார்ஜர், இரண்டு முறையும் 20இலிருந்து 80 வரை, திரையைத் தொடாமல். சார்ஜருக்கும் வயருக்கும் இடையே குத்தும் சிறிய யூ.எஸ்.பி. மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. வோல்ட், ஆம்பியர் இரண்டையும் அது அந்தக் கணத்திலேயே காட்டும். 5.0 வோல்ட், 0.95 ஆம்பியர் என்று அது காட்டினால் வருவது 4.75 வாட். சார்ஜரின் முதுகில் 10 வாட் என்று எழுதியிருந்தும் மீட்டர் 4.75 காட்டினால், குறை வயரில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். வேறு வயரில் மீட்டர் ஏறினால் பதில் கிடைத்துவிட்டது.

2022இன் இறுதியில் வெட்டு நாளுக்கு 2 மணி 20 நிமிடமாக இருந்தது. 2023 பெப்ரவரிக் கட்டண உயர்வோடு அட்டவணை வெட்டுகள் நின்றன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடே இருண்டது. நுரைச்சோலை அனல் மின்நிலையம் முழு நிலைக்குத் திரும்பும் வரை அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டுகள் வந்தன. அட்டவணை மீண்டும் வராது என்று எவரும் எழுதித் தரவில்லை. வந்தால், முகத்துவாரத்து வீடுகளுக்கு இந்தக் கணக்கு சொல்வது இவ்வளவுதான்: 5 வாட் அல்லது அதற்கும் குறைந்த சார்ஜரும் சிக்னல் இல்லாத மூலையும் வாய்த்தவர்கள் ஃபிளைட் மோடில் போடுங்கள், அரை மணி நேரம் கிடைக்கும். 18 வாட் சார்ஜர் உள்ளவர்கள் 21 வினாடிக்காக வீட்டுக்கு வரும் அழைப்பை அடைத்துவைக்க வேண்டாம். உறையைக் கழற்றி, திரையை அணைத்து, குட்டை வயரில் போட்டு, 80 தொட்டதும் அடுத்தவர் போனுக்கு இடம் விடுங்கள்.